ஒரே கிடா, ஐந்து ஆண்டு: பட்டிக்குள் உள்ளினச் சேர்க்கையை எப்படிக் கணக்கிடுவது, எப்படி வெளியேறுவது?

முந்திரிக்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் கால்நடை மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நடுவில் என் தந்தை பன்னிரண்டு பெட்டை ஆடுகளை வெவ்வேறு ஊர்களிலிருந்து வாங்கினார். அவற்றோடு தலைச்சேரிக் கலப்புக் கிடா ஒன்றும் வந்தது. அதற்குக் கருப்பன் என்று பெயர். அன்று முதல் இன்று வரை பட்டியில் அது ஒன்றுதான் கிடா.

இப்போது எங்களிடம் இருபத்து நான்கு பெட்டைகள் உள்ளன. முதலில் வாங்கியவற்றில் ஒன்பது, 2023-இல் வெளியிலிருந்து வாங்கியவை மூன்று, கருப்பனுக்குப் பிறந்த மகள்கள் பதினொன்று, பேத்தி ஒன்று. அந்தப் பேத்தியின் தாயான செவலையும் கருப்பனின் மகளே. பேத்தியின் தந்தையும் கருப்பனே. 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடந்த ஈற்றில் பழைய ஒன்பது பெட்டைகள் பதினைந்து குட்டிகள் ஈன்றன; அவற்றில் இரண்டு குட்டிகள் மூன்று மாதத்துக்குள் இறந்தன. மகள்கள் பதினொன்றும் பதின்மூன்று குட்டிகள் ஈன்றன, நான்கு இறந்தன. பேத்தி ஈன்ற ஒரே குட்டி ஐந்தாம் நாள் இறந்தது. 2023-இல் வாங்கிய மூன்றும் நான்கு குட்டிகள் ஈன்றதில் ஒன்று இறந்தது.

என் கேள்விகள் மூன்று. தந்தை–மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உள்ளினக் கெழு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே மரபணு இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு, 12.5 விழுக்காடு என்று நான் கணக்கிட்டேன். வகுப்பில் 25 என்றார்கள். எது சரி? இறப்பு கூடியதற்கு உள்ளினச் சேர்க்கைதான் காரணமா? கருப்பனை மாற்றிவிட்டு, இந்த ஈற்றில் மூன்று மாதத்தில் 13 கிலோ எடை வந்த கிடாக்குட்டியை அடுத்த பொலிகிடாவாக வைத்துக்கொள்ளலாமா?

---

ஏட்டுச்சுரை எழுதியது:

நான் இறுதியாண்டு மாணவன். வகுப்பில் சொன்னதே சரி. மரபியலாளர் ரைட் 1922-இல் தந்த வழிமுறையில் சூத்திரம் இப்படி வரும்:

```
F(X) = Σ (1/2)^(n1 + n2 + 1) × (1 + F(A))
```

n1 என்பது தந்தையிலிருந்து பொது மூதாதை வரை எத்தனை தலைமுறை என்பது. n2 என்பது தாயிலிருந்து. F(A) என்பது அந்தப் பொது மூதாதையின் சொந்தக் கெழு; கருப்பனுக்கு அதைச் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே தந்தையே பொது மூதாதை ஆவதால் n1 சுழியம், n2 ஒன்று. அரையின் இருமடி கால், அதாவது 25 விழுக்காடு. நீங்கள் n1-ஐயும் ஒன்று என்று எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்தால் ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த அண்ணன்–தங்கை சேர்க்கைக்கு உரிய 12.5 வந்துவிடும். பலரும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

பேத்தியின் குட்டிக்கும் இதே கணக்குதான். அந்தப் பேத்தியும் கருப்பனின் மகள் என்பதால் அங்கும் 25 விழுக்காடு.

---

கெடிலக்கரை எழுதியது:

கால்நடை இனப்பெருக்க மரபியலை நெடுங்காலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முதல் விடையில் பிழை இல்லை. இரண்டாவது விடையில் ஒரு வழி விடுபட்டுவிட்டது.

பேத்திக்குக் கருப்பனின் இரத்தம் இரு வாசல் வழியாக வந்திருக்கிறது. தந்தை என்ற முறையில் நேராக வந்தது ஒன்று. தாய் செவலையின் வழியே சுற்றி வந்தது மற்றொன்று. முதல் வழிக்கு 25 விழுக்காடு. இரண்டாம் வழியில் பேத்தியிலிருந்து செவலைக்கு ஒன்று, செவலையிலிருந்து கருப்பனுக்கு ஒன்று என n2 இரண்டாகிறது; அரையின் மும்மடி 12.5. இரண்டையும் கூட்டினால் 37.5 விழுக்காடு. ஐந்தாம் நாள் இறந்த அந்தக் குட்டியின் கெழு இதுதான்.

வழிகளை எண்ணும்போது ஒன்றை விட்டுவிடுவது மிக எளிது. பட்டி பெருகி வழிகள் பின்னிக்கொண்டால் அட்டவணை முறையில் போவதே பாதுகாப்பானது. கருப்பனுக்கும் செவலைக்கும் உள்ள உறவு 0.5. பேத்தியின் பெற்றோர் கருப்பனும் செவலையும் ஆதலால், கருப்பனுக்கும் பேத்திக்கும் உள்ள உறவு, கருப்பன் தன்னோடு கொண்ட உறவாகிய 1-க்கும் செவலையோடு கொண்ட 0.5-க்கும் சராசரி, அதாவது 0.75. பெற்றோர் உறவில் பாதியே குட்டியின் கெழு, எனவே 0.375. படம் வரையாமலே விடை வந்துவிடுகிறது.

இந்தக் கணக்குகள் எல்லாம் கருப்பன்தான் தந்தை என்று நம்பிப் போடப்படுபவை. முந்திரிக் காட்டில் மேயும்போது பக்கத்துப் பட்டிக் கிடா வந்து சேர்வதில்லையா? அதைவிட முக்கியமாக, விற்பனைக்கு வைத்திருக்கும் கிடாக்குட்டிகள் நான்கைந்து மாதத்திலேயே சினைப்படுத்தும் வலிமை பெற்றுவிடும். அவற்றை எந்த வயதில் பிரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

இறப்பைப் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. பழைய பெட்டைகளின் குட்டிகளில் பதினைந்துக்கு இரண்டு, மகள்களின் குட்டிகளில் பதின்மூன்றுக்கு நான்கு. பார்த்தவுடன் உள்ளினச் சேர்க்கையின் மேல் பழி போடத் தோன்றும். ஆனால் மகள்களில் எத்தனை பேருக்கு அது தலை ஈற்று? தலை ஈற்றுக் குட்டி எடை குறைந்து பிறக்கும். தாய்க்குப் பால் குறைவாக இருக்கும். குட்டியை ஊட்ட விடாமல் உதைக்கும் தாயும் உண்டு. இவையெல்லாம் உள்ளினச் சேர்க்கை இல்லாமலே நடப்பவை. போதாக்குறைக்கு ஈற்று வடகிழக்குப் பருவமழையில் நடந்திருக்கிறது. ஈரத் தரையில் சளியும் கழிச்சலும் முதலில் பலவீனக் குட்டிகளைத்தான் பிடிக்கும். அனைத்துக் குட்டிகளும் அதே மழையில் பிறந்தவை என்பதால் மழை இரு தரப்புக்கும் பொது. தலை ஈற்று என்பது அப்படிப் பொது அல்ல.

---

முந்திரிக்காடு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பதினொன்றில் எட்டுக்குத் தலை ஈற்றுதான். 2023-இல் வாங்கிய மூன்றும் அப்போது இளம் ஆடுகள். அவற்றுக்கும் இதுவே தலை ஈற்று. எனவே தலை ஈற்றைத் தலை ஈற்றோடு ஒப்பிட வேண்டுமானால் அந்த மூன்றோடுதான் ஒப்பிட வேண்டும். நான்கு குட்டிகளில் ஒன்று இறந்ததை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பது புரிகிறது.

கிடாக்குட்டிகளை ஆறு மாதம் வரை பட்டியிலேயே விட்டிருந்தோம். அந்தக் கேள்வியைப் படித்த பிறகு, என் கணக்கில் உள்ள தந்தை பெயர்களில் சிலவற்றையாவது நம்பக் கூடாது என்று தோன்றுகிறது.

---

நெல்லிக்குப்பத்தாள் எழுதியது:

என்னிடமும் இதே சிக்கல் இருக்கிறது; எனவே இங்கேயே கேட்கிறேன். எங்கள் கொட்டிலில் மோழை ஆடுகள் அழகாக இருக்கின்றன என்பதாலும் தீனித் தொட்டியில் முட்டிக்கொள்வதில்லை என்பதாலும், நான்கு ஆண்டுகளாகக் கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டைகளையுமே விரும்பிச் சேர்த்து வைத்தேன். இப்போது பார்வைக்குப் பெட்டைபோல் இருந்தும் சினைக்கு வராத, கிடாபோல் கத்தி முட்டும் குட்டிகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பிறக்கின்றன. இதுவும் இரத்தம் ஒன்றுகூடியதால் வருவதுதானே? அப்படியானால் வெளியூரிலிருந்து வேறு ஒரு மோழைக் கிடாவை வாங்கினால் சரியாகிவிடும் அல்லவா?

---

கெடிலக்கரை எழுதியது:

அம்மா, தயவுசெய்து மோழைக் கிடாவை வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி நான் நினைப்பதாக இருந்தால், உறவே இல்லாத வெளியூர் மோழைக் கிடாவாலும் இது தொடரும்.

வெள்ளாட்டில் கொம்பின்மை ஓங்கு பண்பு. அதற்குரிய மரபு மாற்றம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு படியாக வந்தாலே கொம்பு வராது. ஆனால் அதே மரபு மாற்றம் இரண்டு படியாகச் சேர்ந்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிக்கு ஆணின் உறுப்பு வளர்ச்சி தொடங்கிவிடுகிறது. அது இரண்டுங்கெட்ட மலடாகிறது. ஒரு படி மட்டும் உள்ள மோழையோடு அதே போன்ற மோழையைச் சேர்த்தால் குட்டிகளில் நான்கில் ஒன்றுக்கு இரண்டு படி சேரும். அவற்றில் பாதிதான் பெட்டை என்பதால் மொத்தத்தில் எட்டுக்கு ஒன்று இப்படிப் பிறக்கலாம். உங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்ற எண்ணிக்கை இதற்கு ஒத்துப்போவதுபோல் இருக்கிறது.

கொம்புள்ள கிடா ஒன்றைப் போடுங்கள். எந்தக் குட்டிக்கும் இரண்டு படி சேர வழியே இல்லை. இதில் உங்களுக்கு விளைந்தது உள்ளினச் சேர்க்கையின் கேடு அன்று, தேர்வின் கேடு. கண்ணுக்குத் தெரிந்த ஒரு பண்பைத் தேர்ந்தெடுத்தபோது கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கூடவே வந்துவிட்டது. வேறு காரணங்களாலும் இத்தகைய குட்டி அரிதாகப் பிறக்கலாம் என்பதால், அடுத்த முறை பிறந்தால் அதன் பெற்றோருக்குக் கொம்பு உண்டா இல்லையா என்பதைக் குறித்து வையுங்கள்.

---

பாகூர்ப்பட்டி எழுதியது:

நான் படித்தவன் அல்லன். பாகூர்ப் பக்கம் பதினைந்து ஆண்டுகளாக ஆடு வளர்க்கிறேன். தம்பிக்கு என் யோசனை இதுதான். இவ்வளவு கணக்குப் போடுவதைவிட, கருப்பனை விற்றுவிட்டு ஒரு போயர் கிடாவை வாங்கிப் போடுங்கள். இரத்தம் கெட்டுப் போன பட்டிக்குக் கலப்பினம்தான் ஒரே மருந்து. நான் அப்படித்தான் செய்தேன். முதல் ஈற்றுக் குட்டிகள் யானைக் குட்டிபோல் இருந்தன. அவற்றில் நல்ல கிடாவைப் பொறுக்கி நிறுத்திக்கொண்டேன். ஒரு தடவை செலவோடு முடிந்தது.

---

கெடிலக்கரை எழுதியது:

பாகூர் நண்பர் சொன்னதில் பாதி முழு உண்மை. மீதிப் பாதியில்தான் பல பட்டிகள் விழுகின்றன. எனவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், "இரத்தம் கெட்டுப் போன பட்டி" என்று ஒன்று இல்லை. உள்ளினக் கெழு என்பது ஒரு குட்டி தன் தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் ஒரே மூதாதையின் ஒரே மரபணுவை இருபுறமும் பெறுவதற்கான வாய்ப்பு. அது அந்தக் குட்டியோடு முடிந்துவிடும். அதை அப்படியே தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. 25 விழுக்காடு கெழு உள்ள பெட்டையை உறவில்லாத கிடாவோடு சேர்த்தால் பிறக்கும் குட்டியின் கெழு சுழியம். ஒரே ஈற்றில் அனைத்தும் துடைக்கப்பட்டுவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறையில் 1906-இல் தொடங்கி, கினிப் பன்றிகளை அண்ணன்–தங்கையாகவே பல தலைமுறை சேர்த்துப் பார்த்தார்கள். பல குடும்பங்கள் அற்றுப் போயின. எஞ்சியவையும் குட்டி எண்ணிக்கையிலும் பிழைப்பிலும் மெலிந்தன. அந்த மெலிந்த குடும்பங்களை ஒன்றோடொன்று சேர்த்தபோது வீரியம் உடனே திரும்பியது. அதற்கு வெளியினம் எதுவும் தேவைப்படவில்லை. உறவின்மை மட்டுமே போதுமானதாக இருந்தது.

ஆகவே தம்பியின் பட்டிக்கு உறவில்லாத மற்றொரு தலைச்சேரிக் கலப்புக் கிடாவே உள்ளினச் சேர்க்கையை முற்றிலும் நீக்கிவிடும். போயர் தருவது அதற்கு மேல் வேறொன்று: தென்னாப்பிரிக்காவில் இறைச்சிக்காக உருவாக்கப்பட்ட உடல்வாகும், தொலைவான இரு இனங்கள் சேர்வதால் வரும் கலப்பின வீரியமும். அது வேண்டுமா என்பது சந்தையையும் தீனியையும் பொறுத்த தனிக் கேள்வி. தாய் மெலிந்தும் சிறுத்தும் இருந்தால், பெரிய கிடாவின் குட்டி ஈற்றில் சிக்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அடுத்தது, நண்பர் "நல்ல கிடாவைப் பொறுக்கி நிறுத்திக்கொண்டேன்" என்று எழுதிய வரி. முதல் கலப்புக் குட்டியில் ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஒன்று போயருடையது, ஒன்று நம் ஊருடையது. கலப்பின வீரியம் முழுமையாக நிற்பது அங்கேதான். அந்தக் கலப்புக் கிடாவை அதே கலப்புப் பெட்டைகளோடு சேர்த்தால், அடுத்த தலைமுறையில் அந்த இணைகளில் பாதி பிரிந்துவிடும்; வீரியமும் பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, ஒரே போயர் கிடாவின் பிள்ளைகளான அவை அனைத்தும் தந்தை வழியில் அண்ணன்–தங்கை. அவற்றின் குட்டிக்கு அந்த வழியாகவே 12.5 விழுக்காடு. தாய்மார்கள் கருப்பனின் மகள்களாக இருந்தால் அந்த வழியில் அரையின் ஐந்தாம் அடுக்கு, ஏறக்குறைய 3.1 விழுக்காடு, மேலும் சேரும். மொத்தம் 15.6. முன்வாசலில் துரத்திய கேட்டைப் பின்வாசலில் அழைத்து வந்ததற்கு இதுவே எடுத்துக்காட்டு.

பாகூர் நண்பரே, உங்கள் பட்டியில் இரண்டாம் தலைமுறைக் குட்டிகள் எப்படி இருந்தன என்று எழுத இயலுமா?

---

பாகூர்ப்பட்டி எழுதியது:

உண்மையைச் சொல்கிறேன்: அவை முதல் ஈற்றுப் போல் இல்லை. சில பெரிதாகவும் சில சின்னதாகவும் இருந்தன. தீனி போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் அது ஒரு காரணம் என்றே கருதுகிறேன்; அந்த ஆண்டு அகத்தியும் வேலிமசாலும் சரியாக வரவில்லை. ஆனால் வியாபாரி கொடுக்கும் விலை எடைக்குத்தான். முதல் ஈற்றுக்கே கிடா விலை எடுத்துவிட்டேன் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

அதை மறுக்கவில்லை. கலப்புக் குட்டிகள் அனைத்தையும், ஆண் பெண் இரண்டையும், இறைச்சிக்கே விற்றுவிட்டு, தாய்ப்பட்டியை உள்ளூர் இரத்தத்திலேயே வைத்திருந்தால் நீங்கள் செய்தது சிறந்த முறையே. நிறுத்திவைத்த கலப்புக் கிடாதான் சிக்கல். ஒரே தலைமுறையில் ஆடுகள் சில பெரிதாகவும் சில சிறிதாகவும் ஏற்றத்தாழ்வோடு நிற்பது மரபணுக்கள் பிரிவதன் அடையாளமாகவும் இருக்கலாம். தீனி மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் எல்லாமே சேர்ந்து சிறுத்திருக்கும். இதை உறுதியாகச் சொல்ல உங்கள் பதிவு போதாது.

---

ஏட்டுச்சுரை எழுதியது:

ஒரு மறுப்பு. உள்ளினச் சேர்க்கையை எல்லாரும் கேடு என்றே பேசுகிறீர்கள். ஷார்ட்ஹார்ன் மாட்டினம் அதனால்தானே உருவானது? இங்கிலாந்தின் சார்லஸ் காலிங் தம் பொலிகாளை ஃபேவரிட்டை அதன் சொந்தத் தாயோடு சேர்த்தார். பிறந்த கிடேரியை மீண்டும் ஃபேவரிட்டோடு சேர்த்தார். அதற்கு 1804-இல் பிறந்த காமெட் என்ற காளை, 1810-இல் ஆயிரம் கினிக்கு விற்றது. மாட்டுக்கு அவ்வளவு விலை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. அது நோஞ்சான் என்று யாராவது சொல்ல முடியுமா?

---

கெடிலக்கரை எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. காமெட்டின் கெழுவை நீங்களே போட்டுப் பாருங்கள். ஃபேவரிட்டுக்கும் அதன் தாய்க்கும் உறவு 0.5, அவற்றின் கிடேரிக்கும் ஃபேவரிட்டுக்கும் 0.75, காமெட்டுக்கு 0.375. தம்பியின் பேத்தி ஆட்டுக் குட்டிக்கு வந்த அதே எண்! ஃபேவரிட்டின் பெற்றோரும் உறவினர் என்பதால் உண்மையில் இதைவிடவும் அதிகம். ஒரே எண்ணில் ஒன்று ஆயிரம் கினிக் காளையாயிற்று. மற்றொன்று ஐந்தாம் நாள் செத்தது. கெழு என்பது நிகழ்தகவு. தனி விலங்கின் விதி அன்று.

காலிங்கின் நோக்கம் ஃபேவரிட்டின் வகையை நிலைப்படுத்துவது. ஒத்த மரபணுக்கள் கூடும்போது நல்லவையும் கூடும், கெட்டவையும் கூடும். கெட்டவை வெளிப்படும் கன்றுகளைத் தயங்காமல் கழித்துக்கொண்டே போகிறவருக்கு மட்டுமே அது கருவியாகும். கழித்தவற்றின் பெயரை எந்த மந்தைப் புத்தகமும் எழுதி வைப்பதில்லை. நமக்குத் தெரிவது காமெட் மட்டும். இருபத்து நான்கு பெட்டையில் வீட்டுச் செலவும் கல்விக் கட்டணமும் நடக்கும் குடும்பத்துக்குக் கழிக்கும் வசதி கிடையாது. தவிரவும் காலிங் தேர்ந்தெடுத்துச் செய்தார். இங்கே வேறு கிடா இல்லாததால் நடந்தது.

---

முந்திரிக்காடு எழுதியது:

ஐயா, 13 கிலோ கிடாக்குட்டியைப் பற்றிய என் மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. அது பழைய பெட்டை ஒன்றுக்கு ஒற்றையாகப் பிறந்தது. அதன் தாய்க்குக் கருப்பன் உறவில்லை, எனவே குட்டியின் கெழு சுழியம். மூன்று மாதத்தில் கிடாக்குட்டிகளின் சராசரி 10 கிலோ. இதைவிட நல்ல தேர்வு எங்கள் பட்டியில் இல்லை.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கருப்பன் அய்யனாருக்கு நேர்ந்து விட்ட கிடா. கோயில் திருப்பணி முடிந்து குடமுழுக்கு ஆகும் வரை பூசை இல்லை என்பதால்தான் இத்தனை ஆண்டு நின்றுவிட்டது. விற்கவும் முடியாது, காயடித்தால் நேர்த்திக்கு ஆகாது.

---

கெடிலக்கரை எழுதியது:

நேர்த்திக் கிடா என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் "விற்றுவிடு" என்று யாரும் எழுதியிருக்க மாட்டோம். அதற்கு வழி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

அந்தக் குட்டியின் கெழு சுழியம் என்பது சரி. ஆனால் அது யாரோடு சேரப்போகிறது? உங்கள் பட்டியில் பாதி அதன் அக்கா தங்கைகள். கருப்பனின் மகன் கருப்பனின் மகள்களோடு சேர்ந்தால் குட்டிக்கு 12.5 விழுக்காடு, பேத்தியோடு சேர்ந்தால் இன்னும் கூடும். அப்பனை நிறுத்தி மகனை வைப்பதால் வேகம் குறைகிறதே தவிர, திசை மாறவில்லை.

எடையைப் பாருங்கள். 13 கிலோ என்பது 10 கிலோ சராசரியைவிட 3 கிலோ அதிகம். இந்த 3 கிலோவும் குட்டிகளுக்குப் போகும் என்று நினைக்கக் கூடாது. மூன்று மாத எடையில் மரபு வழி கடத்தப்படும் பங்கு ஐந்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 3 கிலோ 600 கிராமாகிறது. கிடா தருவது குட்டியின் பாதி மரபணுவை மட்டுமே என்பதால் அது 300 கிராமாகிறது. மீதியெல்லாம் தாய்ப்பால், பிறந்த நாள், தீனித் தொட்டியில் முந்திக்கொண்ட திறமை ஆகியவற்றின் பங்கு.

அந்த 300 கிராமும் மெய்யா என்பது அடுத்த ஐயம். அது ஒற்றையாகப் பிறந்த குட்டி. தாயின் பால் முழுவதையும் அதுவே குடித்தது. இரட்டையில் ஒன்றாகப் பிறந்த குட்டி 10.5 கிலோ வந்திருந்தால் அதுவே உண்மையில் மேலானதாக இருக்கக் கூடும். ஒற்றையை ஒற்றையோடும், இரட்டையை இரட்டையோடும் ஒப்பிட்டு, ஒவ்வொரு வகையின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள். அப்படிச் செய்யாமல் ஆண்டுதோறும் பட்டியின் மிகப் பெரிய குட்டியையே நிறுத்தி வந்தால், நீங்கள் அறியாமலே ஒற்றைக் குட்டி ஈனும் தாய்களின் மகன்களைத் தேர்ந்தெடுத்து வருகிறீர்கள். தலைச்சேரியை நாம் விரும்புவதே அது இரட்டை ஈனும் என்பதற்காக. அந்தப் பண்பை எடைத் தராசே மெல்ல மெல்லத் தின்றுவிடும். என் அனுபவத்தில் சிறு பட்டிகளில் தேர்வு பிழைபடும் முதன்மையான இடம் இது.

இனிக் கிடா எண்ணிக்கை. ஒரு தலைமுறையில் கெழு எவ்வளவு ஏறும் என்பதற்குத் தோராயக் கணக்கு உண்டு:

```
ΔF = 1/(8 Nm) + 1/(8 Nf)
```

Nm கிடாக்களின் எண்ணிக்கை, Nf பெட்டைகளின் எண்ணிக்கை. உங்களிடம் கிடா ஒன்று, பெட்டை இருபத்து நான்கு. முதல் பகுதி 12.5, இரண்டாம் பகுதி 0.5, மொத்தம் 13 விழுக்காடு. பெட்டைகளை நூறாக்கினாலும் 12.6-க்குக் கீழே இறங்காது. இன்னொரு கிடாவைச் சேர்த்தால் 6.8 ஆகிவிடும். எழுபத்தாறு பெட்டைகள் செய்ய முடியாததை ஒரு கிடா செய்துவிடுகிறது. இந்தச் சூத்திரம் வெளியிலிருந்து எதுவும் வராத மூடிய பட்டிக்கு உரியது. தன் மகள்கள் சினைப்பருவம் அடையும் முன்பே கிடாவை மாற்றி, ஒவ்வொரு முறையும் உறவில்லாத கிடாவைக் கொண்டுவந்தால் ஒரு கிடாவோடும் சமாளிக்கலாம். மகள் பிறந்து பொலிக்கு வர ஓராண்டு, அதற்கு முன் சினைக்காலம் ஐந்து மாதம். எனவே ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு மாற்று.

கருப்பனுக்கு வழி: வயிற்றின் கீழ்ச் சாக்குத் துணியைக் குறுக்கே கட்டி மேயவிடுங்கள், நம் பக்கத்துக் கீதாரிகளுக்குத் தெரிந்த பழைய முறைதான். துணி நனைந்து புண்ணாகாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். இரவில் தனியே கட்டுங்கள்.

---

பாகூர்ப்பட்டி எழுதியது:

சாக்குத் துணியை நம்பி இருக்காதீர்கள் தம்பி. முள்ளில் மாட்டிக் கிழியும். கிழிந்த அன்றைக்கே காரியம் முடிந்துவிடும். கட்டிப் போட்டுத் தீனி வைப்பதே மேல்.

இன்னொன்று. உறவில்லாத கிடா என்று ஐயா எளிதாகச் சொல்லிவிட்டார். உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் யாரிடம் கிடா வாங்கினாலும் அது ஐந்து ஆண்டாக உங்கள் தந்தை விற்ற கருப்பன் மகனாகவோ பேரனாகவோ இருக்க வாய்ப்புண்டு. அதுவும் நல்ல கிடா என்று பெயர் எடுத்திருந்தால் கட்டாயம் அப்படித்தான் இருக்கும்.

---

கெடிலக்கரை எழுதியது:

எனக்குத் தோன்றாமல் போனது, சரியான எச்சரிக்கை. கிடாவின் தாய் எங்கே வாங்கப்பட்டது, தந்தை யாருடையது என்ற இரண்டையும் கேட்காமல் வாங்கக் கூடாது. உங்களைப் போன்றே ஒரே கிடா வைத்திருக்கும் தொலைவூர்ப் பட்டியோடு கிடாவை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது, பணமும் மிச்சம். மாற்றும் முன் இரு பட்டியிலும் கருச்சிதைவு நடந்திருக்கிறதா என்று கேட்டு, புருசெல்லா சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிடுங்கள். கிடாவோடு நோயையும் மாற்றிக்கொள்ளக் கூடாது.

---

முந்திரிக்காடு எழுதியது:

தந்தையிடம் பேசினேன். கருப்பனை வீட்டுக் கொல்லையில் கட்டிப் போட ஒப்புக்கொண்டார். துணியை அவர் ஏற்கவில்லை, அய்யனார் கிடாவுக்குக் கோவணம் கட்டுவதா என்று கேட்டார். விருத்தாசலம் பக்கம் உறவினர் பட்டியில் உள்ள கிடாவை மாற்றாகக் கேட்டிருக்கிறோம். அதன் தாய் வேறு மாவட்டத்துச் சந்தையில் வாங்கியது. கிடாக்குட்டிகளை இனி மூன்று மாதத்தில் பிரித்துவிடுகிறோம்.

13 கிலோ குட்டியை விற்க அவருக்கு மனம் இல்லை. அதையும், இரட்டையில் பிறந்து 10.8 கிலோ வந்த மற்றொரு குட்டியையும் தனியே வளர்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே கருப்பனின் மகன்கள் என்பதால் எங்கள் பட்டிக்கு ஆகாது. மாற்றாகக் கொடுக்க ஒன்று வேண்டும். எதைக் கொடுப்பது என்று உறவினர் கேட்கிறார். நான் இரட்டைக் குட்டியைச் சொன்னேன். அவர் கண் 13 கிலோவின் மேல்தான் இருக்கிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

அந்த இரட்டையில் மற்றொரு குட்டி எத்தனை கிலோ வந்தது? அதன் தாய் கடந்த மூன்று ஈற்றில் எத்தனை குட்டி ஈன்றது, எத்தனை பிழைத்தன? இவற்றைப் பதிவிலிருந்து எடுத்து எழுதுங்கள். பிறகு உறவினரிடம் பேசலாம்.